சாயம் ஏறிய பிறகு கேட்க வேண்டியது

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு நூல் விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட் நான். பல்லடம், உடுமலை, திண்டுக்கல் பக்கத்து மில்களில் ஓடும் நூல் என் வழியாக இங்கே இறங்குகிறது. பெரும்பாலும் 30 கவுண்ட் கோம்டு. சட்டைத்துணி நெய்யும் நூலைவிட இதில் முறுக்கு குறைவு, மேலே மெழுகு தடவியிருக்கும். பின்னல் ஊசியில் மெத்தென்று போய்வர வேண்டும் என்பதற்காக. நூலை விற்பதைப் பற்றி இங்கே நிறையப் பேர் பேசுவார்கள். விற்ற நூலை எப்போது, யாரிடம், என்ன சொல்லி விசாரிப்பது என்பதை யாரும் சொல்லிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. என் தொழிலில் நான் மிகவும் மதிக்கும் வேலை அதுதான்.

லாரி இறங்கிய மறுநாளே போன் போட்டு, "நூல் எப்படி இருக்குதுங்க?" என்று கேட்கிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. "நல்லா இருக்குதுங்க" என்று பதில் வரும். அந்தப் பதிலில் எந்தத் தகவலும் இல்லை. மூட்டை இன்னும் குடோனில் கட்டு பிரிக்காமல் கிடக்கிறது. கோனைக் கையில் எடுத்துப் பார்த்தால் எல்லா நூலும் நல்ல நூல்தான். நூலின் குணம் மூன்று இடங்களில்தான் வெளியே வரும்: பின்னும் மிஷினில், சாயத் தொட்டியில், வெட்டும் மேஜையில். இந்த மூன்றுக்கும் நடுவே நாட்கள் ஓடுகின்றன. மூன்றிலும் வேலை பார்ப்பவர்கள் வேறு வேறு ஆட்கள். ஆகவே விசாரிப்பும் ஒரே போனில் முடிகிற காரியம் இல்லை.

இறங்கிய அன்று நான் கேட்பது குடோன்காரரிடம் மட்டும். எத்தனை மூட்டை எண்ணினீர்கள், எல்லா மூட்டையிலும் லாட் நம்பர் ஒன்றுதானா, ஏதாவது நனைந்திருக்கிறதா. இதில் லாட் நம்பர்தான் முக்கியம். ஒரு லாட் என்பது ஒரே பஞ்சுக் கலவையில் ஓடிய நூல். ஒரே மில், ஒரே கவுண்ட் என்றாலும் அடுத்த லாட்டின் பஞ்சு சாயத்தை வேறு அளவில் இழுக்கும். இரண்டு லாட் ஒரே மிஷினில் ஏறிவிட்டால், பின்னும்போது ஒன்றும் தெரியாது. சாயம் ஏறிய பிறகு துணி வரிவரியாக நிற்கும். குடோனில் பழைய மிச்ச மூட்டை இரண்டு கிடந்தால், அதைத் தனியே ஒதுக்கி வைக்கச் சொல்லிவிடுவேன். அன்றைய பேச்சு அவ்வளவுதான்.

அடுத்த விசாரிப்பு மிஷினில் நூல் ஏறுகிற அன்று. இதை ஃபிட்டரிடம் கேட்க வேண்டும், முதலாளியிடம் இல்லை. முதலாளிக்கு நூல் அறுந்த கணக்கு தெரியாது. ஃபிட்டருக்குத் தெரியும். அவரிடமும் பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான். "மத்த நூலுக்கு வெக்கற அதே ஸ்பீட்லயே ஓடுதுங்களாண்ணா, இல்ல குறைச்சு வெச்சிருக்கறீங்களா?" என்று கேட்பேன். மிஷினின் வேகத்தைக் குறைத்திருந்தால் நூல் அறுகிறது என்று அர்த்தம். "ரோலுக்கு எத்தனை ஓட்டை உழுகுது? பஞ்சு பறந்து ஊசியில அடையுதுங்களா?" பஞ்சு அதிகம் பறந்தால் மெழுகு சரியாகப் படவில்லை என்று சந்தேகிக்கலாம். இப்படிக் கேட்டால் ஃபிட்டர் நின்று பதில் சொல்வார். தன் கண் பார்த்ததை ஒருவன் வந்து விசாரிக்கிறான் என்பது அவருக்கும் பிடிக்கிறது.

அன்றே இன்னொன்றும் கேட்டு வாங்குவேன். ஒவ்வொரு மிஷினிலும் இறங்கும் முதல் ரோலிலிருந்து ஒரு முழம் துணி. அதை டையிங் லேபில் கொடுத்து, ஆர்டரில் இருக்கும் நிறத்திலேயே சாயம் ஏற்றிப் பார்க்கச் சொல்வேன். முடிவு வரும்வரை மிஷினை நிறுத்தி வைக்க முதலாளிக்கு மனம் வராது. ஒரு நாள் ஓட்டம் போகிறதே என்பார். அடர்ந்த நிறமாக இருந்தால் மட்டும் கேளுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்பேன். காரணம் இருக்கிறது. 30 அங்குல விட்டமுள்ள சிங்கிள் ஜெர்சி மிஷினில் பொதுவாக 90 ஃபீடர் இருக்கும். ஒவ்வொரு ஃபீடருக்கும் ஒரு கோன், கோன் சுமார் 2 கிலோ. ஒருமுறை ஏற்றினால் 180 கிலோ துணி. அந்த 90 கோனில் ஒன்றே ஒன்று வேறு கலவையாக இருந்தால், 2 கிலோ நூல் 180 கிலோ துணியையும் கோடு போட்டுவிடும். ஒரு முழம் துணியின் செலவை அதோடு வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

இப்படி ஒரு சமயம் நடந்ததை விவரமாகவே சொல்கிறேன். ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்கு 44 மூட்டை போயிருந்தது, மூட்டை 50 கிலோ, மொத்தம் 2,200 கிலோ. நேவி ப்ளூ டீ-சர்ட், 10,000 பீஸ். மூன்று மிஷினில் ஏற்றினார்கள். மூன்று முழத் துணியும் லேபுக்குப் போயின. இரண்டு சுத்தமாக வந்தன. மூன்றாவதில், ஏறத்தாழ இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை குறுக்கே ஒரு மெல்லிய வெளிர்கோடு. சாயம் ஏறாத துணியில் அந்தக் கோடு கண்ணுக்கே தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் சண்டை வரும். துணி மானேஜர் நூல் சரியில்லை என்பார், மில்காரர் மிஷின் சரியில்லை என்பார். கோட்டின் திசையைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். நீளவாக்கில் கோடு என்றால் ஊசியிலோ சிங்கரிலோ குறை, நூலுக்குச் சம்பந்தம் இல்லை. ஒழுங்கு இல்லாமல் திட்டுத்திட்டாக இருந்தால் சாயத்தொட்டியைப் பார்க்க வேண்டும். குறுக்கே, சம இடைவெளியில், திரும்பத் திரும்ப வந்தால் ஏதோ ஒரு ஃபீடர். 90 ஃபீடர் ஒரு சுற்று சுற்றினால் 90 வரிசை. இரண்டு அங்குல இடைவெளி அதற்குப் பொருந்துகிறது. ஆனால் அந்த ஃபீடருக்கு நூல் போகும் இழுவை தளர்ந்தாலும் இதே கோடு விழும், கோன் வேறு கலவையாக இருந்தாலும் இதே கோடு விழும். அதைப் பிரித்தால்தான் பேச முடியும்.

நல்லவேளையாக, மூன்றாவது மிஷின் கோனோடு அப்படியே நின்றிருந்தது. ஃபிட்டரண்ணன் முதல் ஃபீடரில் நூலை எடுத்துவிட்டு பாலியஸ்டர் நூலை மாட்டினார். பருத்திக்குப் போடும் சாயம் பாலியஸ்டரில் ஏறாது, அதனால் சாயம் போட்ட துணியில் அது வெள்ளைக் கோடாக நிற்கும். அந்த வெள்ளைக் கோட்டிலிருந்து கெட்ட கோடு வரை வரிசையை எண்ணினால் ஃபீடர் நம்பர் கிடைத்துவிடும். லென்ஸை வைத்து எண்ணினோம். அடுத்து, அந்த ஃபீடரில் இருந்த கோனையும் தூரத்தில் இருக்கும் இன்னொரு ஃபீடரின் கோனையும் இடம் மாற்றி, மீண்டும் ஒரு முழம் ஓட்டி, மீண்டும் சாயம். கோடு பழைய ஃபீடரிலேயே நின்றால் மிஷின். கோனோடு நகர்ந்தால் நூல்.

நகர்ந்திருந்தது.

அந்தக் கோனை மில்லுக்கு எடுத்துப் போனேன். 120 கஜம் சுற்றி எடை போட்டார்கள்; 30 கவுண்டுக்கு 2.16 கிராம் இருக்க வேண்டும், இருந்தது. கவுண்டில் குறை இல்லை. பிறகு இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் மற்ற கோன்களோடு நிறுத்திப் பார்த்தார்கள். இது மட்டும் தனியே நீலம் கூடித் தெரிந்தது. வேறு லாட்டின் கோன், பேக்கிங்கில் கலந்துவிட்டது. மில்காரர் அதற்கு மேல் வாதாடவில்லை, கையில் சாட்சி இருந்ததால். கம்பெனியில் மீதி இருந்த மூட்டைகளின் கோன்களையும் அதே மாதிரி விளக்கில் காட்டியதில், ஒரே மூட்டையில் இன்னும் சில கிடைத்தன. அந்த மூட்டையை மாற்றிக் கொடுத்தார்கள். ஏற்கெனவே பின்னியிருந்த ரோல் இன்னும் சாயம் போடாத துணிதானே. வெள்ளை உருப்படிக்கு அதைத் திருப்பிவிட்டார் மானேஜர். வெள்ளையில் இந்த மாதிரிக் கோடு கண்ணில் படாது. ஒரு கிலோ துணிகூட வீணாகவில்லை.

சாயமும் காம்பாக்டிங்கும் முடிந்து எல்லாத் துணியும் திரும்பிய பிறகு கேட்டிருந்தால் இதே விஷயம் டெபிட் நோட்டாக வந்திருக்கும். வெட்டிய பிறகு கேட்டிருந்தால் யாரும் எதுவும் செய்திருக்க முடியாது. வெட்டிய துணிக்கு மில்கள் குறை ஏற்பதில்லை. விசாரிப்புக்கு ஒரு காலம் உண்டு என்று நான் சொல்வது இதனால்தான். வாங்குபவரின் வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்து கேட்டால், அவர் சொல்லும் குறையை இன்னும் சரிசெய்ய முடியும். சரிசெய்ய முடியாத நேரத்தில் கேட்டால் அவர் கோபத்தை மட்டும்தான் கேட்டு வாங்குவோம்.

மூன்றாவது விசாரிப்பு, துணி காம்பாக்டிங் முடிந்து, கட்டிங் மேஜைக்குப் போகிற சமயம். இதைத் துணி மானேஜரிடம் கேட்கிறேன். நான் கேட்கிற கேள்வி நூலைப் பற்றியதே அல்ல. "ஜிஎஸ்எம் எவ்வளவு நின்னுதுங்க? கிலோவுக்கு எத்தனை பீஸ் வருது?" என்பேன். அடுத்த ஆர்டருக்கான பேச்சு எனக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

மேலே சொன்ன கம்பெனியின் கணக்கையே பார்ப்போம். பீஸுக்கு 200 கிராம் துணி என்று திட்டம். 2,200 கிலோ நூலில் பின்னலிலும் சாயத்திலும் நூற்றுக்கு எட்டுப் போனால் 2,024 கிலோ துணி. 10,000 பீஸுக்குப் போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். ஆனால் ஜிஎஸ்எம் 160 கேட்ட இடத்தில் 165 வந்திருந்தது. துணி கனத்துவிட்டால் பீஸுக்கு 206 கிராம் ஆகும். அப்போது 9,800 பீஸ்தான் தேறும், 200 பீஸ் குறையும். மானேஜருக்கு அது இன்னும் முழுதாகத் தெரியவில்லை. வெட்டி முடித்த பிறகுதான் கை பிசைந்திருப்பார். அப்போது வேறு லாட் நூலில் 200 பீஸ் பின்னினால், அதே நேவி ப்ளூ போட்டாலும் நிறம் ஒட்டாது.

நான் சொன்னது இவ்வளவுதான்: "இதே லாட்ல மில்லுல இன்னும் மூணு மூட்டை நிறுத்தி வெக்கச் சொல்லியிருக்கறனுங்க. வெட்டிப் பார்த்துட்டு வேணும்னா சொல்லுங்க, வேண்டாம்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க." இரண்டு நாள் கழித்து ஒரு மூட்டை கேட்டார். ஒரே ஒரு மூட்டை. அந்த ஆர்டரில் எனக்குக் கமிஷன் என்று சொல்ல ஒன்றுமில்லை. வண்டி வாடகை போக மிஞ்சுவது சொற்பம். ஆனாலும் இந்த மாதிரி ஒரு மூட்டை ஆர்டரை நான் பெரிதாக நினைக்கிறேன், ஏனென்றால் வாங்குபவர் தன் கணக்கை என்னிடம் திறந்து காட்டியிருக்கிறார்.

அந்த மூட்டை இறங்கிய பிறகுதான் அடுத்த ஆர்டரைப் பற்றி வாய் திறந்தேன். அதையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன், போனில் கேட்கவில்லை. போனில் கேட்டால் அந்த நிமிஷமே பதில் சொல்ல வேண்டிய நெருக்கடி வந்துவிடும். எழுதியதை அவர் மெர்ச்சண்டைசரிடம் காட்டி, பிளானைப் பார்த்து, மெதுவாகப் பதில் போடலாம். எழுதியது இப்படி:

"வணக்கம்ங்க. நேவி ப்ளூ லாட் முடிஞ்சதுங்க. கோன் கலந்த மூட்டையைப் பத்தி மில்லுல பேசிட்டேன், பேக்கிங்ல விளக்கு செக் பண்ணித்தான் இனி அனுப்புவாங்க, அதை எழுதியே வாங்கியிருக்கேன். நீங்க சொன்ன 165 ஜிஎஸ்எம் விஷயம், ஃபிட்டரண்ணன் லூப் நீளத்தைக் கொஞ்சம் கூட்டினால் அடுத்த முறை 160-க்கு வந்துரும்னு சொன்னார். அடுத்து 30 கோம்டு பிளான்ல இருந்தா, என்ன கலர், எத்தனை மூட்டைன்னு சொல்லுங்க, ஒரே லாட்டா ஒதுக்கி வெக்கச் சொல்லறேன். இப்ப இல்லீனாலும் பரவால்லீங்க."

இதில் ஒவ்வொரு வரியையும் யோசித்துத்தான் எழுதினேன். அவர் சொன்ன குறைக்கு என்ன நடந்தது என்பது முதலில். பலர் குறையைக் கேட்டுவிட்டு, அது என்ன ஆயிற்று என்று திரும்பிச் சொல்வதில்லை. அடுத்த தடவை கேட்டால் அவர் ஏன் சொல்ல வேண்டும்? ஆர்டர் கேட்பது கடைசியில், அதுவும் அவருக்கு உபயோகமாக: மூட்டை எண்ணிக்கையை முன்கூட்டிச் சொன்னால் ஒரே லாட்டில் நூல் கிடைக்கும், வரி விழும் பயம் குறையும். 'பரவால்லீங்க' என்ற கடைசி வரி மரியாதைக்காகப் போட்டது இல்லை. அவருக்கு உண்மையிலேயே ஆர்டர் இல்லாமல் இருக்கலாம். அப்படி இருந்தால் அவர் என் போனைத் தவிர்க்கும்படி நான் வைத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு விஷயங்களை இந்தப் பேச்சோடு கலப்பதில்லை. ஒன்று, பணம். பில்லுக்கு நாள் ஆகிவிட்டது என்பதை வேறொரு நாள், வேறொரு போனில், அக்கவுண்ட்ஸ்காரரிடம் பேசுவேன். குறை ஏதும் உண்டா என்று கேட்ட வாயாலேயே செக்கையும் கேட்டால், குறை என்பது பணத்தை இழுத்தடிக்கும் சாக்காக மாறிவிடும். உண்மையான குறையும் அந்தச் சாக்குக்குள் புதைந்துபோகும்.

இன்னொன்று, விலை. இங்கே ஹோசியரி நூலுக்கு மில்கள் மாதத் தொடக்கத்தில் விலை அறிவிப்பது வழக்கம். அதனால் மாதக் கடைசியில், "ஒண்ணாந்தேதி ஏறப்போகுதுங்க, இன்னைக்கே போட்டுருங்க" என்று ஊர் முழுக்கப் போன் பறக்கும். ஏறும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் வாடிக்கைக்காரருக்குச் சொல்வது கடமைதான். தெரியாமல் பயமுறுத்தி வாங்கவைத்த நூல் குடோனில் மாதக்கணக்கில் கிடக்கும். அதன் லாட் வேறு, அடுத்து வருவது வேறு. கடைசியில் இரண்டும் ஒரே மிஷினில் ஏறி வரி விழும்போது, அந்த வரிக்கு என் போன்தான் காரணம். என்னைப் பொறுத்தவரை அது வியாபாரமே இல்லை.

அக்டோபரில் புதுப் பஞ்சு வரத் தொடங்கும். அப்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். பழைய வரத்து தீர்ந்து கலவை மாறும் சமயம், மில்களில் லாட்டும் மாறும். பாதி ஆர்டர் பின்னிக்கொண்டிருக்கும் கம்பெனிக்கு நானே முன்னால் கூப்பிட்டு, மீதிக்கு எத்தனை மூட்டை வேண்டும், இப்போதே பழைய லாட்டில் எடுத்து வைக்கட்டுமா என்று கேட்கிறேன். அதில் ஒரு விற்பனை நடந்தால், அது அவருடைய தேவையில் நடந்தது.

பதிலே சொல்லாதவர்கள் உண்டு. குறையும் சொல்வதில்லை, அடுத்த ஆர்டரும் வருவதில்லை. இவர்களிடம் மறுபடி மறுபடி ஆர்டர் கேட்பதை நான் விட்டுவிட்டேன். அதற்குப் பதில் பின்னல் யூனிட்டுக்குப் போய் ஃபிட்டரைப் பார்க்கிறேன். இப்போது எந்த நூல் ஓடுகிறது, நம்முடையது ஓடியபோது என்ன கஷ்டம் என்று கேட்கிறேன். சில சமயம் குறையே இருந்திருக்காது. கம்பெனியின் ஆர்டர் 24 கவுண்டுக்கு மாறியிருக்கும், நான் வைத்திருந்ததோ 30. சில சமயம், நூல் அடிக்கடி அறுந்து ஃபிட்டர் பட்ட பாட்டை முதலாளியிடம் சொல்லியிருப்பார், முதலாளி என்னிடம் சொல்லியிருக்க மாட்டார். அப்படித் தெரிந்தால் மில்லுக்குப் போய், அதற்கு என்ன செய்தார்கள் என்று விசாரித்து, ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்வேன். சிலர் திரும்பி வருகிறார்கள், சிலர் வருவதில்லை. வராதவர்களிடமிருந்து கிடைத்த தகவலும் மில்லுக்குத் தேவைதான்.

நேவி ப்ளூ கம்பெனியிலிருந்து ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. 60 மூட்டை, 30 கோம்டு, ஒரே லாட். நிறம் இந்தமுறை வெளிர் பிஸ்கட். வெளிர் நிறத்தில் வரி விழும் பயம் குறைவு, வேறொரு பயம் கூடும்: பஞ்சுப் பொதியோடு வந்த கலர் நூல் துணுக்கு, சணல், முடி எல்லாம் துணியில் பளிச்சென்று தெரியும். அடர்ந்த நிறத்துக்கு நல்ல பெயர் வாங்கிய லாட்டை அப்படியே இதற்கு அனுப்பக் கூடாது. மில்லுக்கு அன்றே எழுதினேன்: "60 மூட்டை, வெளிர் நிறத்துக்கு, அந்நியத் துணுக்கைப் பிரித்து எடுக்கும் மிஷின் வழியாகப் போன பஞ்சில் ஓடிய லாட் வேண்டும். பேக்கிங்கில் விளக்குச் சோதனை முடிந்த பிறகு லாட் நம்பரை எனக்குச் சொல்லுங்கள். வண்டி கிளம்பும் முன்னால் அதை நான் அவர்களிடம் சொல்ல வேண்டும்."